எத்தனை பத்தாம் தேதி காலியாகப் போகும்? ஒற்றைச் சம்பள வீட்டுக்கு அவசர நிதிக் கணக்கு

என் சித்தப்பா மகன் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் மெஷின் ஆபரேட்டர். குடியிருப்பது கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வாடகை வீடு. மனைவி, நாலாவது படிக்கும் மகள், யூ.கே.ஜி. போகும் மகன், அம்மா. ஐந்து பேருக்கும் சேர்த்து அவன் ஒருவன் சம்பளம்தான். போன தை மாதம் வீட்டுக்கு வந்தவன் கேட்டான்: "ணா, ஆத்திர அவசரத்துக்கு ஆறு மாசச் சம்பளம் கையில வச்சிருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. யாருக்கு ஆறு மாசம்? எனக்கும் ஆறா, பேங்க்ல வேலை பார்க்கிறவனுக்கும் ஆறா?"

கேள்வி நியாயமானது. நிரந்தர வேலைக்காரனுக்கும் காண்ட்ராக்ட்காரனுக்கும் ஒரே அளவு பொருந்தாது. அன்று ஒரு நோட்டு, அவனுடைய பாஸ்புக், தேநீர் என்று உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் அவன் வீட்டுக்கான தொகையைக் கண்டுபிடித்தோம். அதே வரிசையில் கீழே சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குத் தொகை வேறாக வரும், கணக்குப் போடும் வழி மாறாது.

முதலில் பாஸ்புக்கை எடுங்கள்

"கடைசியா எவ்வளவு நாள் வேலை இல்லாம இருந்தே?" என்று கேட்டேன். "ஒரு தடவை ஒன்றரை மாசம், இன்னொரு தடவை மூணு மாசம்" என்றான். ஞாபகத்தில் இருந்து சொல்லும் இந்தக் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும். வேலை இல்லாத நாளைத்தான் நாம் நினைவில் வைக்கிறோம். வீட்டுக்கு வலிப்பது பணம் வராத நாள். இரண்டும் ஒன்றில்லை.

பாஸ்புக்கில் சம்பளம் வரவான தேதிகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போனோம். அவனுக்குச் சம்பளம் பத்தாம் தேதி, போன மாத வேலைக்கு. ஒன்றரை மாதம் என்று அவன் சொன்ன முறை, ஜூன் 20 அன்று வேலை நின்றிருக்கிறது. ஆகஸ்ட் 4 அன்று வேறு காண்ட்ராக்டரிடம் சேர்ந்திருக்கிறான். ஜூனில் வேலை செய்த 20 நாள் கூலி ஜூலை பத்தில் வந்திருக்க வேண்டும். பழைய காண்ட்ராக்டர் 'கணக்கு முடிக்கணும்' என்று இழுத்து ஆகஸ்ட் கடைசியில்தான் கொடுத்தார். ஆகஸ்ட் பத்திலும் ஒன்றும் இல்லை. புது இடத்தின் முதல் சம்பளம் செப்டம்பர் பத்து. ஆக, ஒன்றரை மாத இடைவெளிக்கு இரண்டு பத்தாம் தேதிகள் காலி.

மூன்று மாதம் என்று சொன்ன முறை இன்னும் மோசம். நவம்பர் 5 அன்று ஆர்டர் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரி 18 அன்றுதான் வேலை கிடைத்தது. டிசம்பர் பத்தில் ஐந்து நாள் கூலி வந்தது. ஜனவரி, பிப்ரவரி சுத்தமாக ஒன்றும் இல்லை. மார்ச் பத்தில் 11 நாள் கூலி. பாதிச் சம்பளத்துக்குக் கீழே வந்ததை நான் காலி என்றே எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் அது வாடகைக்கும் தவணைக்கும் போனதும் தீர்ந்துவிடும். அந்தக் கணக்கில் நான்கு பத்தாம் தேதிகள் காலி.

இதில் பெரியதை எடுக்க வேண்டும். சராசரி போடாதீர்கள். இரண்டும் நான்கும் சேர்ந்து சராசரி மூன்று என்று வைத்தால், நான்கு மாதம் வேலை இல்லாத வருடத்தில் கடைசி மாதம் வட்டிக்கு வாங்கித்தான் ஓட்ட வேண்டும். அப்புறம், அவன் வாழ்க்கையில் இப்படி நடந்தது இரண்டே முறைதான். இரண்டு முறையை வைத்து இதற்கு மேல் போகாது என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு மாதம் கூட்டி ஐந்து என்று வைத்தோம். நான்கைந்து முறை வேலை மாறி அனுபவப்பட்டவர்கள் இந்த ஒரு மாதத்தைக் கூட்ட வேண்டியதில்லை, அவர்களுடைய பெரிய இடைவெளியே போதுமான சாட்சி.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைகளில் சீசன் வேலைக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. மே மாதத்தில் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஓடி, பிறகு ஆலை மூடிவிடும். அந்த மூடின மாதங்களை அவசரம் என்று எண்ணாதீர்கள். அது வருடா வருடம் வருவது தெரிந்ததே. சீசன் கூலியிலேயே பிரித்து வைக்க வேண்டிய பணம் அது. மாம்பழ விளைச்சல் பொய்த்து ஆலை பத்து நாளில் மூடிப்போகிறதே, அதுதான் அவசரம். இரண்டையும் ஒரே உண்டியலில் போட்டால் விளைச்சல் பொய்த்த வருடம் உண்டியல் ஏற்கெனவே காலியாக இருக்கும்.

சம்பளத்தை விடுங்கள், கஞ்சி மாதச் செலவை எழுதுங்கள்

ஆறு மாதச் சம்பளம் என்று சொல்வதில் எனக்குப் பிடிக்காதது அந்தச் 'சம்பளம்' என்ற சொல். வேலை இல்லாத மாதத்தில் நீங்கள் சம்பளத்தைச் செலவழிக்கப் போவதில்லை. வீடு நகர எவ்வளவு தேவையோ அதைத்தான் செலவழிப்பீர்கள். இதை எங்கள் வீட்டில் கஞ்சி மாதம் என்போம்.

தம்பி கையில் வாங்குவது 19,000 ரூபாய். ஓ.டி. கிடைத்த மாதம் 22,000, 23,000 வரும். செலவும் ஏறக்குறைய 22,000. கஞ்சி மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டதும் அவன் "பன்னிரண்டாயிரத்துல ஓட்டிடலாம்ணா" என்றான். உள்ளே இருந்து அவன் மனைவி வந்து, "மாமா, இவரைக் கேட்காதீங்க, நான் சொல்றேன்" என்று உட்கார்ந்தாள். இந்தப் படியை வீட்டுச் செலவைக் கையில் வைத்திருப்பவர்தான் எழுத வேண்டும். சம்பாதிப்பவர் சொல்லும் தொகையை நம்ப முடியாது.

அவள் சொன்னது இது. வாடகை, கரண்ட், கேஸ் மூன்றுக்கும் 5,600. அடுப்படிச் செலவு பாலோடு சேர்த்து 5,500. ரேஷன் அரிசியில் சோறும் இட்லியும், ராத்திரிக்கு ராகிக் களி என்று வைத்தால்தான் இந்தத் தொகைக்குள் வரும், அரிசி கடையில் வாங்கினால் வராது. மாமியாரின் சர்க்கரை மாத்திரை, இரண்டு போன் ரீசார்ஜ், பள்ளி வேன் சேர்த்து 2,100. வேலை தேடி ஓசூருக்கும் சூளகிரிக்கும் அலைய பஸ் செலவு, சில்லறைச் செலவு 1,000. கடைசியாகக் கடன் தவணை: பைக்குக்கு 2,450, மகளிர் குழுக் கடனுக்கு 1,850. மொத்தம் 18,500.

22,000 ஆன வீடு கஞ்சி மாதத்தில் 18,500க்குக் கீழே இறங்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் இருக்கும். வாடகையும் தவணையும் வேலை போனதென்று குறையாது. குறைக்கக்கூடியது அடுப்படியும் சில்லறையும்தான், அதில் ஏற்கெனவே பெரிதாக ஒன்றும் இருக்காது. உங்கள் பட்டியலில் பாதிக்கும் கீழே இறங்கினால் எங்கேயோ எதையோ எழுத மறந்திருக்கிறீர்கள். தவணையைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள், 'அது கடன், செலவில்லையே' என்று.

இனி நிச்சயமாக வரும் பணத்தைக் கழிக்கலாம். அவள் கணக்குக்கு மாதம் மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது. அதைக் கழித்தோம், 17,500 ஆயிற்று. மச்சான் உதவுவார், பக்கத்து வீட்டில் கைமாத்து கிடைக்கும் என்பதையெல்லாம் கழிக்கவில்லை. அதே காண்ட்ராக்டரிடம் வேலை செய்யும் மச்சானுக்கும் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

ஐந்து மாதத்துக்கு 87,500.

மாதக் கணக்கில் வராத இரண்டு

வேலை எந்த மாதத்தில் போகும் என்று தெரியாது. அந்த ஐந்து மாதத்துக்குள் ஜூன் வந்துவிட்டால் பள்ளிக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் சேர்த்து 11,000. வருடத்தில் மொத்தமாக வரும் செலவுகளில் பெரியதை மட்டும் சேர்த்தால் போதும். தீபாவளி, பொங்கல், ஊர்ப் பண்டிகை என்று எல்லாவற்றையும் சேர்த்தால் தொகை பயமுறுத்தி, தொடங்கவே விடாது. கஞ்சி மாதத்தில் புதுத்துணி தள்ளிப் போகலாம், ஸ்கூல் பீஸ் போகாது.

இரண்டாவது உடம்பு. ஒற்றைச் சம்பள வீட்டில் சம்பாதிப்பவரே படுத்துவிட்டால் வரவு நிற்கும், செலவும் ஏறும். அவனுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. வேலை போன மறுநாளே அது போய்விடாது, அதன் காலக் கணக்கு கொஞ்சம் தள்ளி ஓடுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிடித்த பணத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை பிடித்ததற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆனால் சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு, இ.எஸ்.ஐ.யில் கட்டாமல் விடும் காண்ட்ராக்டர்கள் உண்டு. அது தெரிய வருவது மருந்தக வரிசையில் நிற்கும்போதுதான். வேலையில் இருக்கும்போதே இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, மாதா மாதம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று அவன் கேட்டான். அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 19,000 சம்பளத்தில் ஆறேழு மாதத்திலேயே அது தாண்டிவிடும். அதனால் அவன் கணக்கில் அதை எடுக்கவில்லை. இ.எஸ்.ஐ. இருந்தாலும் ராத்திரி ஆட்டோ, வெளியில் ஸ்கேன், கூட இருப்பவர் சாப்பாடு என்று கையிலிருந்து போகும். அதற்கு 10,000 வைத்தோம்.

87,500, 11,000, 10,000. கூட்டினால் 1,08,500.

எண்ணைப் பார்த்து மலைக்காமல் தவணையைப் பாருங்கள்

"இதுக்கு ஆறு மாசச் சம்பளமே பரவாயில்லையே, கிட்டத்தட்ட அதேதானே வருது?" என்றான். உண்மைதான், 1,14,000க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் இந்த எண் எதனால் ஆனது என்று இப்போது தெரிகிறது. தெரிந்தால் அதைச் சுருக்கவும் முடியும்.

மாதத் தவணையின் ஒவ்வொரு 100 ரூபாயும் அவனுடைய அவசர நிதியில் 500 ரூபாயாக உட்கார்ந்திருக்கிறது, ஐந்து மாதத்துக்கு. குழுக் கடனின் 1,850 மட்டும் 9,250. அந்தக் கடன் முடிய இன்னும் 11 மாதம் இருந்தது. முடியும் நேரத்தில் வசூலுக்கு வருபவர், "அக்கா, ஒழுங்கா கட்டியிருக்கீங்க, அடுத்த ரவுண்டு கூடுதலா தர்றோம்" என்பார். அப்போது அதை எடுக்காமல் விட்டாலே தேவைப்படும் தொகை 99,250க்கு இறங்கிவிடும். மாறாக 1,500 தவணையில் ஒரு டி.வி. எடுத்தால், டி.வி. விலையோடு அவசர நிதியிலும் 7,500 கூடிவிட்டது என்று அர்த்தம். புதிதாகத் தவணை எடுக்கும் முன் அந்த மாதத் தொகையை உங்கள் மாத எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

சேர்ப்பது எப்படி? வீடு 19,000க்குள் ஓட வேண்டும், ஓ.டி. பணம் வீட்டுக்குள் வரக்கூடாது. அவனுக்கு ஓ.டி. சராசரியாக மாதம் 2,500, தீபாவளி போனஸ் சுமார் 12,000. வருடத்துக்கு 42,000. முதல் இலக்கு 17,500, அதாவது ஒரு காலிப் பத்தாம் தேதி. அடுத்தது 35,000, இரண்டு பத்தாம் தேதி. அதுவரை கடனை முன்கூட்டி அடைக்கும் எண்ணமே வேண்டாம், கையில் ஒன்றும் இல்லாமல் கடனை அடைத்தவன் வேலை போன மாதமே மறுபடி கடன் வாங்குவான். முதல் வருடம் 42,000. குழுக் கடன் முடிந்ததும் அந்த 1,850ம் இங்கே வரும், இரண்டாம் வருடம் 64,000. இரண்டு வருடத்தில் நிறைந்துவிடும். நடுவில் வேலை போகாமலா இருக்கும்? போகலாம். அப்போது சேர்ந்திருப்பதை எடுத்துச் செலவழிப்பதுதான் சரி, அதற்குத்தானே வைத்திருக்கிறோம்.

எங்கே வைப்பது

முதல் 17,500 மனைவியின் சேமிப்புக் கணக்கில், அல்லது இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கில். சம்பளக் கணக்கில் வைக்காதீர்கள். பைக் தவணை அதிலிருந்துதான் பிடிப்பார்கள், யு.பி.ஐ.யும் அதில்தான் இருக்கும், எது அவசரப் பணம் எது டீக் காசு என்று தெரியாமல் கரையும். அதோடு, சம்பாதிப்பவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அவர் போன் லாக் தெரியாமல் பணத்தை எடுக்க முடியாமல் நின்ற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மீதியை வங்கியில் 15,000 வீதம் தனித்தனி டெபாசிட்டாகப் போடுங்கள். ஒரே டெபாசிட்டாகப் போட்டால் ஒரு மாதத் தேவைக்காக முழுவதையும் உடைக்க வேண்டியிருக்கும். தபால் நிலைய டைம் டெபாசிட் பாதுகாப்பானதுதான், ஆனால் முதல் ஆறு மாதம் எடுக்க முடியாது, இந்த வேலைக்கு ஒத்துவராது. ஏலச்சீட்டும் வேண்டாம். அவசரமென்று எடுப்பவர்தான் அதில் அதிகம் தள்ளிக் கேட்க வேண்டியிருக்கும்.

நகையும் பி.எஃப்.பும் இரண்டாவது மதில். அவற்றை இந்த நிதியில் சேர்த்து எண்ண வேண்டாம். பி.எஃப். பற்றி என் சொந்த அனுபவம்: நான் ஓசூரில் வேலை விட்டபோது அந்தக் காண்ட்ராக்டர் என் விலகிய தேதியைப் பதிவு செய்யவே இல்லை. அது ஏறாமல் முழுப் பணத்தையும் கேட்க முடியாது. கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் ஆனபின் நாமே இணையதளத்தில் விலகிய தேதியைப் பதிவு செய்யலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இரண்டு பத்தாம் தேதிகள் போய்விட்டன. ஆதார், வங்கிக் கணக்கு, பெயர் எழுத்து எல்லாம் பி.எஃப். பதிவோடு பொருந்துகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எப்போது கஞ்சி மாதத்துக்குள் போவது

வேலை போன பிறகு இல்லை. காண்ட்ராக்ட் வேலை திடீரென்று போவதுபோலத் தெரிந்தாலும் முன்னாலேயே தடம் தெரியும். முதலில் ஓ.டி. நிற்கும். பிறகு வாரத்துக்கு ஆறு நாள் ஷிஃப்ட் ஐந்தாகும். கேட் பாஸ் புதுப்பிப்பதை மூன்று மாதத்துக்குப் பதில் ஒரு மாதத்துக்கு என்பார்கள். சம்பளம் பத்துக்குப் பதில் பதினேழில் வரும். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அந்த மாதமே வீட்டைக் கஞ்சி மாதத்துக்கு மாற்றிவிடுங்கள். 22,000 ஆகும் வீடு 18,500க்கு இறங்கினால் ஒவ்வொரு மாதமும் செலவில் 3,500 குறையும். இரண்டு மாதம் முன்னால் விழித்துக்கொண்டால் 7,000, கிட்டத்தட்ட அரை மாதச் செலவு.

வேலை போய்விட்டால், பத்தாம் தேதி ஒரே முறை 17,500ஐ வீட்டுச் செலவுக்கு மாற்றுங்கள், சம்பளம் வந்ததைப்போல. நினைத்தபோதெல்லாம் 500, 1,000 என்று எடுத்தால் எந்த மாதம் எவ்வளவு போனது என்றே தெரியாது. 20ஆம் தேதியே தீர்ந்துவிட்டால் உங்கள் பட்டியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எழுதி, அடுத்த பத்தாம் தேதித் தொகையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் இப்போது 21,000 சேர்ந்திருக்கிறது. போன வாரம் போன் செய்தான். ஓ.டி. மூன்று வாரமாக இல்லையாம். "இன்னும் ஒண்ணுதான்ணா, சம்பளம் சரியா பத்துக்கு வந்துடுச்சு" என்றான். அவன் மனைவி அதற்குள் கடை அரிசி வாங்குவதை நிறுத்திவிட்டாள்.